ஜாமீன் போட்டது நானும்தான்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்துக் குடியிருப்பில் அப்போது யாரும் சும்மா கடன் வாங்க முடியாது. சம்பளம் வாங்குகிற இன்னும் இரண்டு பேர் கூட வந்து கையெழுத்துப் போட வேண்டும். அதனால் எங்களுக்குள் பேசாமலே ஓர் ஏற்பாடு இருந்தது. இன்றைக்கு உனக்கு நான், நாளைக்கு எனக்கு நீ. கல்யாண மொய் மாதிரிதான். யாருக்கு யார் போட்டார்கள் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மறக்கவும் இல்லை.

நான் சரக்குக் கொட்டகையில் எடை பார்த்துச் சீட்டு எழுதுகிறவன். தமிழ்ப் பள்ளியில் நாலாவது, இங்கிலீஷ் பள்ளியில் ஒன்றரை வருஷம், அதோடு வாத்தியாருக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. சம்பளம் முப்பத்திரண்டு வெள்ளி. அந்தச் சம்பளத்தில் எனக்கு ஒரு சைக்கிள் வேண்டுமென்று ஆசை வந்தபோது எனக்காகச் செட்டியாரிடம் வந்து கையெழுத்துப் போட்டவன் என் கூட்டாளி. ரயில் எஞ்சினில் கரி தள்ளுகிற பயர்மேன். அந்தக் கடனை நான் ஒழுங்காகக் கட்டி முடித்தேன். ஆனால் சைக்கிள் ஓட்டும்போதெல்லாம் பின்னால் அவன் உட்கார்ந்திருப்பதாகவே தோன்றும். பல நாள் உண்மையாகவே உட்கார்ந்திருந்தான்.

ஊரில் அவன் தங்கைக்குக் கல்யாணம் கூடியது. நூற்றைம்பது வெள்ளி வேண்டும் என்றான். என் முறை வந்துவிட்டது. அவன் கேட்குமுன்பே நான் சரி என்றேன். ஆனால் என் முப்பத்திரண்டு வெள்ளியைப் பார்த்துச் செட்டியார் கடையில் யாரும் மயங்கிவிடப் போவதில்லை. பெரிய சம்பளக்காரர் ஒருவர் வேண்டும்.

எங்கள் கொட்டகை ஆபீஸில் கணக்கு எழுதும் குமாஸ்தாவாக ஒரு கிராணி இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். தொண்ணூறு வெள்ளி சம்பளம், வெள்ளைக் கோட்டு, மடித்த குடை. பன்னிரண்டு வருஷத்தில் யாருக்கும் ஜாமீன் நின்றதில்லை, யாரிடமும் கடன் வாங்கியதும் இல்லை. அவரைக் கிண்டல் செய்வது எனக்குக் காலைக் காப்பி மாதிரி. குடையைத் தலைகீழாக மாட்டி வைப்பேன். அவருடைய மைக்கூட்டில் நாலு சொட்டுத் தண்ணீர் விடுவேன். அவர் கோபப்பட்டால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான்.

சம்பள நாளன்று ஜன்னலுக்கு முன்னால் நாங்கள் எல்லோரும் வரிசையில் நின்றபோது நான் ஆரம்பித்தேன்.

"கிராணி ஐயா கையெழுத்தைப் பார்த்திருக்கீங்களாடா? அத்தனை அழகு. ஆனா வாடகைக்கு விட மாட்டாரு."

"உமக்கென்ன வந்தது?" என்றார் அவர்.

"பயர்மேனுக்கு ஒரு கையெழுத்து வேணும்யா. ஐயா போட மாட்டீங்கன்னு தெரியும். அதான் கேக்கவே இல்ல."

வரிசையில் சிரிப்பு கிளம்பியது. யாரோ பின்னாலிருந்து, "அவருக்கு இங்கிலீஷ்காரன் காகிதம்னாத்தான் கை வரும் லா" என்றான். கிராணியின் காது சிவந்தது. கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார்.

"எத்தனை மணிக்குப் போகவேணும்?" என்றார்.

நான் விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அவர் போட்ட கையெழுத்து விளையாட்டு அல்ல என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. நல்ல மனிதர் ஒருவரை நாலு பேர் பார்த்துச் சிரிக்கும்படி செய்து சம்மதிக்க வைத்தேன். இதை எழுதும்போதுதான் எனக்குக் கொஞ்சம் கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை.

அம்பாங் தெருவில் செட்டியார்களின் கிட்டங்கி. நீளமான ஒரே கூடம். அதில் வரிசையாக மரப்பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னாலும் பாய் விரித்து ஒரு கடைக்காரர் உட்கார்ந்திருப்பார். எங்கள் கடையை நடத்தியவர் முதலாளி அல்ல, ஊரிலிருக்கும் முதலாளிக்காக மூன்று வருஷத்துக்கு அனுப்பப்பட்ட ஏஜெண்டு. நெற்றி நிறைய விபூதி, பேச்சில் அவசரமே இல்லை.

கடன் நூற்றைம்பது. மாதம் நூற்றுக்கு இரண்டு வெள்ளி வட்டி, பத்து வெள்ளி அசல். பயர்மேனின் பெண்டாட்டி ஆறு பவுன் சங்கிலி ஒன்றைக் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாள். ஏஜெண்டு அதை எடை போட்டு, ஐம்பது வெள்ளிக்கு மதிப்புப் போட்டுப் பெட்டிக்குள் வைத்தார். பிறகு எங்கள் பக்கம் காகிதத்தைத் திருப்பினார்.

"படிச்சுப் பார்த்துட்டுப் போடுங்க."

"எல்லாரும் போடறதுதானே செட்டியாரே," என்றேன்.

"அதுக்குத்தான் படிக்கச் சொல்றேன் தம்பி. ஜாமீன்னா சாட்சி இல்ல. அவரு கட்டலேன்னா நீங்க கட்டணும். அவரைத் தேடிப் பிடிச்சுக் கேட்டுட்டுத்தான் உங்ககிட்ட வரணும்னு எனக்கு ஒரு கட்டாயமும் இல்ல. முழுசையும் உங்கள்ல ஒருத்தர்கிட்டயே கேக்கலாம்."

"அப்ப பணம் வாங்குறவன் மாதிரியேதான்."

"பணம் கையில வராது. மத்ததெல்லாம் அப்படித்தான்."

கிராணி முழுவதையும் படித்தார். சங்கிலி பற்றி எழுதியிருந்த வரியில் விரலை வைத்து இரண்டு தடவை படித்தார். பிறகு போட்டார். நான் படிக்கவில்லை. முதல் எழுத்தைப் பெரிதாகச் சுழித்துப் போட்டேன். என் கையெழுத்து கிராணியின் கையெழுத்தை விடப் பெரிதாக இருந்ததில் எனக்கு ஒரு சந்தோஷம்.

பயர்மேன் ஐந்து மாதம் ஒழுங்காகக் கட்டினான். ஐம்பது போய் அசலில் நூறு நின்றது. அப்போதுதான் ரப்பர் விலை விழுந்து, ஈயம் விழுந்து, கடைசியில் ரயிலும் விழுந்தது. சரக்கு இல்லை. சரக்கு இல்லாத எஞ்சினுக்குக் கரி தள்ள ஆள் எதற்கு? ஆள் குறைப்புப் பட்டியல் ஒட்டினார்கள். அவன் பெயர் மூன்றாவது. வேலை இல்லாதவர்களை ஊருக்கு இலவசமாகக் கப்பலில் அனுப்பினார்கள். அவன் நாலு மாதம் அங்கே இங்கே கூலிக்குப் போய்ப் பார்த்தான். வேலை கிடைக்கவில்லை. பிறகு பெயர் கொடுத்துவிட்டான்.

கிள்ளான் வழியாகத் துறைமுகத்துக்கு நான் கூடப் போனேன். அவன் பெண்டாட்டி மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள். அவள் கழுத்தில் அந்தச் சங்கிலி இருந்தது. நான் சிரித்தேன்.

"என்ன அக்கா, செட்டியாரையே மயக்கிட்டீங்களா?"

அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். பயர்மேன் என்னைப் பார்த்து, "அவர் குடுத்தாருடா. கழுத்து மொட்டையா ஊருக்குப் போனா சனம் என்ன பேசும்னு சொல்லி அவரே எடுத்துக் குடுத்தாரு" என்றான். "மீதியை ஊருல இருந்து அனுப்புறேன். உன் தலையில விடமாட்டேன்."

நான் அதை நம்பினேன். அவனும் நம்பித்தான் சொன்னான். இரண்டு பேருமே நம்பிய அந்த வாக்குக்கு வழியில் கிடந்த கடல் தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்துக் கிராணிக்கு ஒரு கடிதம் வந்தது. எனக்கு வரவில்லை. அசல் நூறு, ஐந்து மாத வட்டி பத்து, ஆக நூற்றுப்பத்து வெள்ளி, பத்து நாளுக்குள் கட்டாவிட்டால் வழக்கு. கடன்காரன் கடல் கடந்துவிட்டான், எனவே ஜாமீன்தாரரான தங்களிடம் கேட்கிறோம் என்று மரியாதையாகவே எழுதியிருந்தது. தொண்ணூறு வெள்ளிச் சம்பளத்தைத் தேடி வந்த கடிதம் முப்பத்திரண்டு வெள்ளியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் அதை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். குடை நேராகவே மாட்டியிருந்தது. நான் மாற்றி வைக்கவில்லை.

"வழக்குப் போட்டா என்ன ஆகும் ஐயா?"

"வழக்கில தோத்தா, கோர்ட்டு ஆபீசுக்கு எழுதும். சம்பளத்தில பிடிக்கச் சொல்லும். பிடிச்சாலும் பரவாயில்ல. ஆனா அரசாங்க உத்தியோகத்தன் கடனில மூழ்கினா அது குற்றம் தம்பி. திங்கட்கிழமை எல்லாரும் கடன் இருக்கோ இல்லையோ எண்டு எழுதிக் குடுக்க வேணும். பெரியதுரை இப்ப ஆள் குறைக்கிறதுக்குக் காரணம் தேடித் திரியிறார். என்ர பேருக்கு முன்னால காரணம் எழுதி வச்சால் வேற யாரையும் தேடத் தேவையில்ல."

"நீங்க வாங்கின கடன் இல்லியே."

"நான் போட்ட கையெழுத்து."

அவர் வீட்டில் நாலு பிள்ளைகள். மூத்தவன் இங்கிலீஷ் பள்ளியில் படித்தான். வாத்தியாரோடு ஒத்துப்போகிறவன். இந்தக் கடிதத்தில் என் பெயர் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு ஒன்றும் வராது. அவர் எப்படியும் கடன் வாங்கியாவது கட்டுவார், கட்டிவிட்டு என்னிடம் பாதி கேட்கக் கூச்சப்படுவார். இந்த அளவு கணக்கு என் மூளையில் ஓடியது. ஓடியதை மறைக்க மாட்டேன். இரண்டு நாள் ஓடியது.

மூன்றாவது நாள் என் சைக்கிளைப் பாசார் சந்தைக்குப் பின்னால் இருந்த சீனன் கடையில் இருபத்தெட்டு வெள்ளிக்கு விற்றேன். கூட்டாளிகள் கேட்டதற்கு டயர் வெடித்துவிட்டது என்று சொன்னேன். சாயங்காலம் கிராணி வீட்டுக்கு நடந்து போனேன். அவர் வாசலில் நின்று என் பின்னால் சைக்கிளைத் தேடினார்.

"எதுக்கு வந்தனீர்?"

"பாதி கொடுக்க."

"கிண்டல் வேணாம். இண்டைக்குக் கேக்கிற நிலையில இல்ல."

"கிண்டல் இல்லய்யா. ஜாமீன் போட்டது நானும்தான். என்னையும் கேட்டிருக்கலாம், கேக்கல. அதுக்காக நான் போட்டது இல்லேன்னு ஆயிடுமா?"

நம்பவில்லை அவர். பணத்தை எடுத்துக் காட்டினேன். தாளைத் திருப்பிப் பார்த்தார், நல்ல தாள்தானா என்று. அவ்வளவு நாள் அவரைக் கிண்டல் செய்ததற்குக் கூலி அது. பிறகு உள்ளே கூப்பிட்டார், அவர் மனைவி காப்பி கொண்டு வந்து வைத்தார். பிள்ளைகள் கதவோரத்தில் நின்று நான் ஏதாவது வேடிக்கை செய்வேன் என்று காத்திருந்தார்கள். ஒன்றும் செய்யவில்லை.

"ஜாமீன்காரர் ரெண்டு பேர் எண்டால் சரிபாதிதான்," என்றார் கிராணி. "ஒருவன் முழுசும் கட்டினாலும் மற்றவனிட்ட பாதியைக் கேக்கலாம். ஐம்பத்தைஞ்சு நீர், ஐம்பத்தைஞ்சு நான். உம்மட இருபத்தெட்டோட காணாது."

அப்போதுதான் சங்கிலி எனக்கு நினைவுக்கு வந்தது. கப்பல் துறையில் பார்த்ததைச் சொன்னேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். செட்டியாருக்குப் பெண்கள் கழுத்தில் இரக்கம் அதிகம் என்றேன். கிராணி காப்பியைக் கீழே வைத்துவிட்டார்.

"சங்கிலியைத் திருப்பிக் குடுத்ததோ? எங்களைக் கேக்காமல்?"

"ஆமாய்யா. அக்கா கழுத்துல இருந்துச்சு. நான் கண்ணால பார்த்தேன்."

"அந்தச் சங்கிலி செட்டியாருக்கு மட்டும் பிணை இல்ல. எங்களுக்கும் பிணை. நாங்க கட்டினால் அது எங்களுக்கு வரவேணும். அவர் எங்கட சம்மதம் இல்லாமல் விட்டால் அந்த மதிப்பளவுக்கு எங்கட தலையில இருந்து இறங்கும்." எனக்கு விளங்குகிற மாதிரி விரலை மடித்துக் காட்டினார். "நூற்றுப்பத்தில ஐம்பது போனால் அறுபது. ஆளுக்கு முப்பது."

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து கிட்டங்கிக்குப் போனோம். ஏஜெண்டு எங்களைப் பார்த்ததும் பாயை இழுத்துப் போட்டார். கிராணி உட்கார்ந்தார், கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பேச வேண்டியது நான்தான் என்று புரிந்தது.

"செட்டியாரே, ஆறு பவுன் சங்கிலி ஒண்ணு உங்க பெட்டிக்குள்ள இருக்கணுமே. கொஞ்சம் காட்டுங்க. கண்ணு பார்க்கணும்னு துடிக்குது."

அவர் பெட்டிமேல் கையை வைத்தார். திறக்கவில்லை. பக்கத்துப் பெட்டிக்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். ஏஜெண்டு குரலைத் தணித்தார்.

"அந்தப் பொண்ணு அழுதுச்சு தம்பி. வெறுங்கழுத்தோட மாமனார் வீட்டு வாசல் ஏறணுமேன்னு சொல்லுச்சு. நான் என்ன செய்வேன்?"

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீங்க சரின்னிருப்பீங்களா?"

நான் கிராணியைப் பார்த்தேன். சரி என்றிருப்போமா? அந்தக் கழுத்தைப் பார்த்திருந்தால் நான் சொல்லியிருப்பேன். கிராணி சொல்லியிருக்க மாட்டார். எழுத்தில் இருப்பதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் யாரும் எங்களைக் கேட்கவில்லை. அது ஒன்றுதான் எங்கள் பக்கம்.

கிராணி வாயைத் திறந்தார். "சட்டம் உங்களுக்குத் தெரியும் ஐயா. எனக்குப் பன்ரண்டு வருஷமாக் காகிதம்தான் வேலை. கோர்ட்டுக்கு நீங்க போனாலும் நான் இதைத்தான் சொல்லவேணும். சங்கிலி மதிப்பு ஐம்பது. உங்கட கையால எழுதின மதிப்பு."

ஏஜெண்டு காகிதத்தை எடுத்தார். தான் எழுதிய வரியைத் தானே படித்தார். அவர் எங்களை ஏமாற்றப் பார்க்கவில்லை என்பதை அவர் வாதாடாமல் இருந்ததிலிருந்தே தெரிந்துகொண்டேன். ஏமாற்றுகிறவனாக இருந்தால் சத்தம் போட்டிருப்பார்.

"முதலாளி கணக்கில இந்த அம்பது நிக்கும்," என்றார் மெதுவாக. "இரக்கப்பட்டதுக்குச் செலவுன்னு எழுத முடியாது. என் சம்பளத்தில கழிச்சுக்கிடச் சொல்லுவேன். வேற வழி இல்ல."

நான் எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பேன் என்று நானே காத்திருந்தேன். நாங்கள் சொன்னது நியாயம், அவர் செய்ததும் நியாயம். ஆனால் இரண்டும் ஒரே பெட்டிக்குள் அடங்கவில்லை.

அறுபது வெள்ளியை எண்ணி வைத்தோம். என் இருபத்தெட்டோடு சேர்க்கவேண்டிய இரண்டு வெள்ளியைக் கிராணி தன் பையிலிருந்து எடுத்து வைத்தார். "திருப்பித் தரவேணும்" என்றார். ஏஜெண்டு அந்தக் கடன் காகிதத்தின் பின்னால் ஜாமீன்காரர்களிடம் பணம் வாங்கிக்கொண்டதாக எழுதிக் கையெழுத்துப் போட்டு எங்களிடம் கொடுத்தார்.

"இனி இது உங்க கடன். அவர்கிட்ட நீங்க கேக்கலாம். நான் கேக்க முடிஞ்சதை எல்லாம் நீங்க கேக்கலாம்."

"என்ன செய்வம்?" என்று வெளியே வந்ததும் கிராணி கேட்டார். அம்பாங் தெருவில் மழை வரப்போகிற வெளிச்சம். குடையை விரித்து என் பக்கம் பாதி பிடித்தார்.

"எழுதலாம் ஐயா. அறுபது வெள்ளி கட்டிட்டோம், முடிஞ்சப்ப அனுப்புடா, அவசரம் இல்லேன்னு."

"அவசரம் இல்லை எண்டு எழுதினால் அனுப்ப மாட்டான்."

"அவசரம்னு எழுதினாலும் அனுப்ப மாட்டான். அவன்கிட்ட இல்ல."

கடைசியில் நான்தான் எழுதினேன். மூன்று தாள் கிழித்தேன். கேலியாக எழுதினால் கடனை மறந்துவிடச் சொன்னதாகும், நேராக எழுதினால் கழுத்தைப் பிடித்ததாகும். சங்கிலியைப் பற்றி எழுதவில்லை. எழுதினால் அவன் பெண்டாட்டி அதைக் கழற்றுவாள் என்று தெரியும். நாலு மாதம் கழித்துப் பத்து ரூபாய்க்கு மணியார்டர் வந்தது. சீட்டில் ஒரே வரி: மாப்பிள்ளை, மெல்லத் தீர்ப்பேன்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் அந்தத் திங்கட்கிழமை இருந்தது. சரக்குச் சீட்டுகளைக் கொண்டு போய்க் கொடுத்தபோது கிராணியின் மேஜைமேல் அரசாங்கப் பாரம், எல்லோரும் எழுதிக் கொடுக்க வேண்டிய அந்தப் படிவம், இருந்தது. அவர் பெயர், சம்பளம் எல்லாம் எழுதி முடித்திருந்தார். ஒரு கட்டம் மட்டும் காலி. கடன் ஏதும் உண்டா என்ற கட்டம். பேனாவைத் தொட்டுத் தொட்டு எடுத்துக்கொண்டிருந்தார்.

"அதான் கட்டியாச்சே ஐயா."

"கட்டியாச்சு. காகிதமும் கையில இருக்கு. இல்லை எண்டு எழுதலாம், பொய் இல்ல."

"அப்புறம் என்ன?"

"அந்தச் செட்டியாருக்கு வாற மாதம் அம்பது வெள்ளி குறையும். அது யாருடைய கடன் எண்டு யோசிச்சனான்." அவரே தலையை ஆட்டிக்கொண்டார். "இந்தப் பாரத்தில அதுக்குக் கட்டம் இல்ல."

'இல்லை' என்று இங்கிலீஷில் அழகாக எழுதினார். ஒற்றுத்தாளை மேலே வைத்து அழுத்தினார், வழக்கத்தை விடக் கொஞ்சம் நேரம் அதிகமாகவே. எடுத்துப் பார்த்து, பாரத்தை என்னிடம் கொடுத்து, பெரியதுரை அறையில் வைத்துவிட்டு வரச் சொன்னார்.